டிரான்ஸ்ஃபார்மர் 500 கேவிஏ ஆனதும் பழைய எம்சிபி தாங்குமா?

கேள்வி: அம்பாசமுத்திரம் பக்கம் அரிசி ஆலை வைத்திருக்கிறோம். பிசான அறுவடைக்கு முன்னால் 250 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 500 வைக்கப் போகிறோம். டிபிகளில் இருப்பதெல்லாம் 10 கிலோ ஆம்பியர் எம்சிபி. "அந்த டிபியில் லோடு கூடவில்லையே, எதற்கு மாற்ற வேண்டும்" என்கிறார் எலக்ட்ரீசியன். சரிதானா?

பதில்:

சரியில்லை அண்ணாச்சி. மெயின் பேனலுக்குப் பக்கத்தில் இருக்கிற டிபியில் அந்த எம்சிபிகளை விட்டுவைக்கக் கூடாது. தூரத்து டிபியைக் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லோடு என்பது மோட்டார் இழுக்கிற கரண்ட். ஷார்ட் ஆகும்போது மோட்டாருக்கு அங்கே வேலையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மரும் நடுவில் இருக்கிற கேபிளும் எவ்வளவு தடுக்கின்றனவோ, அதுதான் கரண்டைத் தீர்மானிக்கும். டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு மடங்கானால் தடுப்பு பாதியாகும். 32 ஆம்பியர் எம்சிபி 32 ஆம்பியராகவே இருந்தாலும், அது அறுக்க வேண்டிய கரண்ட் வேறாகிவிடும்.

போன வருடம் கல்லிடைக்குறிச்சி பக்கம் ஒரு ஆலையில் இதே மாற்றத்தைச் செய்தோம். அந்தக் கணக்கையே சொல்கிறேன். உங்கள் நீளத்தையும் கேபிள் அளவையும் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். தேவையான சூத்திரம் இரண்டுதான்:

```
Z   = (%Z / 100) × V² / S
Isc = V / (√3 × Z)
```

பழைய 250 கேவிஏ, செகண்டரி 433 வோல்ட், இம்பீடன்ஸ் 4.5 சதவீதம். முழு லோடு கரண்ட் 333 ஆம்பியர். அதை 0.045 ஆல் வகுத்தால் 7.4 கிலோ ஆம்பியர். டிரான்ஸ்ஃபார்மர் முனையிலேயே அவ்வளவுதான் என்பதால் டிபியில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். 10 கிலோ ஆம்பியர் எம்சிபி இத்தனை வருடம் நிம்மதியாக இருந்ததற்கு இதுதான் காரணம்.

புதிய 500 கேவிஏவுக்கும் அதே 4.5 சதவீதம். முழு லோடு 667 ஆம்பியர், ஷார்ட் ஆனால் முனையில் 14.8 கிலோ ஆம்பியர். இந்தச் சதவீதத்தைக் கேட்டலாக்கில் பார்த்து எழுதாதீர்கள். டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட்டில் இருப்பதை எடுங்கள். சொன்ன அளவிலிருந்து பத்தில் ஒரு பங்கு கூடவோ குறையவோ இருக்கத் தரவிதியே இடம் கொடுக்கிறது. குறைந்தால் ஷார்ட் கரண்ட் ஏறும்.

இனி டிபிக்கு வருவோம். சூத்திரத்தில் போட்டால் டிரான்ஸ்ஃபார்மரின் Z 16.9 மில்லிஓம். அதில் ரெசிஸ்டன்ஸ் சுமார் 4, ரியாக்டன்ஸ் சுமார் 16.4. கேபிள் 95 சதுர மில்லிமீட்டர் அலுமினியம், மூன்றரை கோர். அதன் ரெசிஸ்டன்ஸ் மீட்டருக்கு 0.32 மில்லிஓம், ரியாக்டன்ஸ் சுமார் 0.075. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வோல்டேஜ் டிராப் கணக்குக்கு எடுக்கும் சூடான கேபிளின் ரெசிஸ்டன்ஸை இங்கேயும் போட்டுவிடுகிறார்கள். நமக்குத் தேவை வரக்கூடிய அதிகபட்சக் கரண்ட். அது காலையில் ஆலை ஓட ஆரம்பிக்கும்போது, கேபிள் குளிர்ந்து கிடக்கையில்தான் வரும். அதனால் 20 டிகிரி மதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

பக்கத்து டிபி, கேபிள் 15 மீட்டர். ரெசிஸ்டன்ஸ் 4 + 4.8 = 8.8. ரியாக்டன்ஸ் 16.4 + 1.1 = 17.5. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 19.6 மில்லிஓம், கரண்ட் 12.8 கிலோ ஆம்பியர். 10 என்று எழுதிய எம்சிபிக்கு இது ஆகாது. விவாதமே இல்லை.

தூரத்து டிபி, 40 மீட்டர். அதே முறையில் 25.7 மில்லிஓம், 9.7 கிலோ ஆம்பியர். பார்த்ததும் பாஸ் என்று தோன்றும். ஆலை முதலாளியும் அப்படித்தான் சந்தோஷப்பட்டார். ஆனால் ஷார்ட் ஆகிற நொடியில் ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார்கள் நிற்கும் முன் ஜெனரேட்டர் மாதிரி கரண்டைத் திருப்பித் தள்ளும். அந்த ஆலையில் ஒரே நேரத்தில் ஓடும் மோட்டார்கள் மொத்தம் 300 ஆம்பியர். அதன் நாலு மடங்கு, அதாவது சுமார் 1.2 கிலோ ஆம்பியர், மெயின் பேனலில் வந்து சேரும். அதையும் சேர்த்துப் போட்டால் தூரத்து டிபியில் 10.2, பக்கத்து டிபியில் 13.6. இன்னொரு பக்கம், ஹெச்டி லைனின் இம்பீடன்ஸைப் பூஜ்யம் என்றே வைத்திருக்கிறேன். மின்வாரியத்திடம் ஃபால்ட் லெவல் கேட்டு வாங்கிப் போட்டால் கொஞ்சம் இறங்கும். ஆக, 10 என்கிற கோட்டின் மேலேயே நிற்கிறோம். அப்படி நிற்கிற டிபியை நான் தேறியதாக எழுத மாட்டேன்.

நீளத்தை அளக்கும்போது சுவருக்குச் சுவர் டேப் பிடிக்காதீர்கள். கேபிள் போகிற டிரெஞ்ச் வழியே அளங்கள். டிபிக்கு முந்தைய கேபிள் மட்டும்தான் கணக்கு. டிபியிலிருந்து மோட்டாருக்குப் போகிற வயரைச் சேர்த்துவிடாதீர்கள், எம்சிபியின் முனையிலேயே ஷார்ட் ஆகலாம்.

இனி எம்சிபியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முகப்பில் ஒரு சிறு கட்டத்துக்குள் 6000 அல்லது 10000 என்று இருக்கும். அதுதான் அறுக்கும் திறன், ஆம்பியரில். 10000 என்பது அந்தக் கரண்டை அறுத்துவிடும் என்பதற்கான உறுதி. அதற்கப்புறமும் வேலை செய்யும் என்கிற உறுதி அதில் இல்லை. IS/IEC 60898 படி 10000 எம்சிபி திரும்பவும் சேவைக்கு வரக்கூடிய அளவு அதில் முக்கால் பங்கு, அதாவது 7500. அதற்கு மேல் ஒரு ஷார்ட்டை அறுத்திருந்தால், லீவர் நன்றாக ஏறி இறங்கினாலும் கழற்றி எறிந்துவிடுங்கள். எம்சிசிபி என்றால் Icu, Ics என்று இரண்டு மதிப்பு இருக்கும். அதை 415 வோல்ட்டுக்கு எதிரில் படியுங்கள். 240 வோல்ட்டுக்கு எதிரில் பெரிய எண் இருக்கும், அது நமக்கு இல்லை.

அளவு மீறினால் என்ன ஆகும் என்பதை வேறொரு ஆலையில் கண்ணால் பார்த்திருக்கிறேன். எலிவேட்டர் மோட்டார் கேபிளை எலி கடித்திருந்தது. டிபியில் 6000 எம்சிபி. பக்கவாட்டு ரிவெட் தெறித்து உடம்பு இரண்டாகப் பிளந்திருந்தது, உள்ளே ஆர்க் தட்டுகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. புகைக்கரி பஸ்பார் மேல் படிந்து, அடுத்தடுத்த இரண்டு எம்சிபியும் கருகிவிட்டன. டிபியின் இன்கமர் ஒரு ஐசொலேட்டர்தான். அது கையால் திருப்புகிற ஸ்விட்ச், ஷார்ட்டை அறுக்காது. கடைசியில் மெயின் பேனல் பிரேக்கர் விழுந்துதான் நின்றது. டிபி கதவு மூடியிருந்ததால் பக்கத்தில் நின்ற பையன் தப்பித்தான்.

கல்லிடைக்குறிச்சி ஆலையில் பக்கத்து டிபியை எடுத்துவிட்டு 25 கிலோ ஆம்பியர் எம்சிசிபிகள் கொண்ட சிறு பேனல் வைத்தோம். தூரத்து டிபியில் 10 கிலோ ஆம்பியர் எம்சிபியே இருக்கிறது, ஆனால் அதே கம்பெனியின் எம்சிசிபியை மெயின் பேனலில் அதன் ஃபீடராக வைத்தோம். இந்த எம்சிசிபிக்குக் கீழே இந்த எம்சிபி எத்தனை கிலோ ஆம்பியர் வரை தாங்கும் என்று சோதித்து, கம்பெனிக்காரர்கள் பேக்கப் அட்டவணை தருகிறார்கள். அதில் நம் ஜோடி 10.2க்கு மேல் இருந்தால் போதும். மேலே ஒரு கம்பெனி, கீழே ஒரு கம்பெனி என்றால் அந்த அட்டவணை செல்லாது. மேலே பெரிய பிரேக்கர் இருக்கிறதே என்று நாமாக நினைத்துக்கொள்வதும் செல்லாது.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் நேம்பிளேட், ஒவ்வொரு டிபிக்கும் போகிற கேபிளின் அளவும் நீளமும், எம்சிபி முகப்பு ஆகியவற்றைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், உங்கள் ஆலைக்கே போட்டுச் சொல்கிறேன்.