நீக்கிய நீளம் 1, மிஞ்சியது என்ன?

கேள்வி: 0 முதல் 1 வரையான கோட்டில் நடு மூன்றில் ஒரு பங்கை வெட்டி எடுக்கிறோம். மீதித் துண்டுகளிலும் இப்படியே செய்துகொண்டு போகிறோம். எடுத்த மொத்த நீளத்தைக் கூட்டினால் எனக்கு 1/2 வருகிறது. புத்தகத்தின் பின்பக்கத்தில் விடை 1 என்று இருக்கிறது. 1 என்றால் கோட்டில் எதுவுமே மிஞ்சவில்லை என்று எழுதலாமா?

பதில்: முதலில் அந்த 1/2 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1/3 + 1/9 + 1/27 + … என்று கூட்டியிருப்பீர்கள். முதல் உறுப்பு 1/3, பொது விகிதம் 1/3. சூத்திரத்தில் போட்டால் சரியாக 1/2 கிடைக்கும். வெட்டும் துண்டின் நீளம் ஒவ்வொரு படியிலும் மூன்றில் ஒன்றாகக் குறைவது உண்மைதான். ஆனால் வெட்ட வேண்டிய துண்டுகளின் எண்ணிக்கை இரட்டிப்பாவதும் கணக்கில் வர வேண்டும்.

முதல் படியில் 1/3-க்கும் 2/3-க்கும் இடைப்பட்ட பகுதி போகிறது. இடப்பக்கம் ஒரு துண்டு, வலப்பக்கம் ஒரு துண்டு மிஞ்சும். இரண்டாம் படியில் இரண்டிலிருந்தும் 1/9 நீளம் போகிறது, ஆக 2/9. இப்போது நான்கு துண்டுகள். மூன்றாம் படியில் ஒவ்வொன்றிலும் 1/27, மொத்தம் 4/27. எனவே தொடர் இப்படி அமையும்:

1/3 + 2/9 + 4/27 + 8/81 + …

விகிதம் 2/3. எண்ணிக்கை 2 மடங்கு, நீளம் 1/3 பங்கு, இரண்டின் பெருக்கல்தான் அது. கூடுதல் (1/3) ÷ (1 − 2/3) = 1.

சூத்திரத்தை மட்டும் நம்பாமல், எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒருமுறை சரிபார்க்கச் சொல்வேன். ஒவ்வொரு படியிலும் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்கு தங்குகிறது. அதனால் n படிகளுக்குப் பிறகு மிஞ்சும் நீளம் (2/3)ⁿ. பத்துப் படிகள் போனால் அது 1024/59049, ஏறத்தாழ 0.017. n கூடக் கூட இது பூச்சியத்தை நெருங்கும். எந்தப் படியிலும் பூச்சியமாகாது, எல்லையில்தான் பூச்சியம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. ‘எதுவும் மிஞ்சவில்லை’ என்று எழுதாதீர்கள்; மிஞ்சும் நீளம் பூச்சியம் என்று எழுதுங்கள். இரண்டும் ஒன்றல்ல. நாம் எடுப்பது திறந்த இடைவெளிகளை, அதாவது முனைப்புள்ளிகளை விட்டுவிட்டுத்தான் வெட்டுகிறோம். அதனால் 0, 1, 1/3, 2/3, 1/9, 2/9 போன்ற முனைகள் எத்தனை படி போனாலும் அப்படியே இருக்கும்.

சரி, முனைகள் மட்டும்தான் மிஞ்சுகின்றனவா? பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1/4 என்ற புள்ளியை எடுத்துப் பாருங்கள். முதல் படிக்குப் பின் அது 0 முதல் 1/3 வரையான துண்டில் இருக்கிறது; அந்தத் துண்டின் நீளத்தில் முக்கால் தூரத்தில். முக்கால் என்பது நடுப்பகுதியில் வராது, ஆகவே தப்புகிறது. அடுத்து அது 2/9 முதல் 1/3 வரையான துண்டில் இருக்கும். 1/4 − 2/9 = 1/36; துண்டின் நீளம் 1/9; ஆக இப்போது அதன் இடம் கால் தூரம். மறுபடியும் தப்புகிறது. தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டோம்: முக்கால், கால், முக்கால், கால் என்று மாறி மாறி வரும், நடுவில் ஒருபோதும் சிக்காது. அது முனைப்புள்ளியும் அல்ல, ஏனென்றால் 0, 1 தவிர மற்ற முனைகளின் பகுதி எல்லாம் 3-இன் அடுக்காகவே இருக்கும்.

ஒவ்வொரு படியிலும் இடமா வலமா என்று ஒரு தேர்வு. இப்படி முடிவில்லாமல் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு வழியும் மிஞ்சும் ஒரு புள்ளியைத் தருகிறது. அந்த வழிகளை 1, 2, 3 என்று வரிசையிட்டு எண்ண முடியாது. முழுக் கோட்டில் எத்தனை புள்ளிகள் உண்டோ அத்தனை இதிலும் உண்டு. 1883-இல் ஜார்ஜ் கேண்டர் எழுதிய இந்தக் கணம் அவர் பெயராலேயே கேண்டர் கணம் எனப்படுகிறது.

புள்ளிகள் அத்தனை இருந்தும் நீளம் ஏன் பூச்சியம்? அவை எல்லாம் 2ⁿ சிறு துண்டுகளுக்குள் அடங்கிவிடுகின்றன, அத்துண்டுகளின் மொத்த நீளம் (2/3)ⁿ மட்டுமே. n-ஐ நாம் விரும்பிய அளவு பெரிதாக எடுக்கலாம். ஆகவே பூச்சியத்தைவிடப் பெரிய எந்த நீளமும் அதற்கு இருக்க முடியாது.

உங்கள் 1/2 நிஜமாகவே விடையாக வரும் கணக்கு ஒன்றும் இருக்கிறது. முதலில் நடுவில் 1/4 நீளம், பிறகு இரண்டு துண்டுகளிலும் 1/16, பிறகு நான்கிலும் 1/64 என்று வெட்டுங்கள். விகிதம் 2/4, கூடுதல் (1/4) ÷ (1/2) = 1/2. மிஞ்சியதில் மிகச் சிறிய இடைவெளிகூட முழுதாக இராது. ஆனால் நீளம் அரை தங்கும். இங்கே 1/16 என்பது முழுக் கோட்டின் அளவில் சொன்னது. இருக்கும் துண்டில் கால் பங்கு என்று வாசித்தால் மிஞ்சுவது (3/4)ⁿ ஆகி, நீக்கிய நீளம் மறுபடி 1 ஆகிவிடும்.