கயிறு சாப்பர் டெமோவில் என்ன பேசுவது?

"சூப்பர் மார்க்கெட்டில் கயிறை இழுத்துக் காய் நறுக்கும் சாப்பருக்கு ப்ரோமோட்டராகச் சேர்ந்திருக்கிறேன். கம்பெனி கொடுத்த பேப்பரில் இருப்பதை ஒப்பித்தால் யாரும் நிற்பதில்லை. எப்படிப் பேசுவது?"

அந்தப் பேப்பர் பொருளின் பெயரிலும் பிளேடின் தரத்திலும் தொடங்கியிருக்கும். டிராலி தள்ளிக்கொண்டு போகிறவருக்கு அதெல்லாம் காதில் விழாது. கூப்பிட்டு நிறுத்தவும் பார்க்காதீர்கள். "மேடம், ஒரு நிமிஷம்" என்றாலே நடையை வேகமாக்கிவிடுவார்கள். ஆள் நாலைந்து அடி தள்ளி வரும்போதே வெங்காயத்தைக் கையில் எடுத்து நறுக்க ஆரம்பியுங்கள். பக்கத்தில் வந்ததும் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி போதும்:

"அக்கா, சாம்பாருக்கா, ஆம்லெட்டுக்கா? எதுக்கு நறுக்கட்டும்?"

ஆம்லெட் என்று வாயைத் திறந்துவிட்டால் பாதி நின்ற மாதிரிதான். இனி நீங்கள் பேசுவது உங்கள் கை செய்வதோடு ஒட்டிப் போக வேண்டும். நான் சொல்லிப் பழகிய பேச்சு இது:

"தோலை மட்டும் உரிச்சு நாலா வெட்டிப் போடுங்க. கிண்ணத்துல பாதிக்கு மேல வேண்டாம். மூடியை நல்லா பூட்டிட்டு, ஒரு கையால மேல அழுத்திப் பிடிங்க. முதல் இழுப்பு கொஞ்சம் இறுக்கமா இருக்கும், பயப்படாதீங்க. சின்னச் சின்னதா ரெண்டு இழுங்க, அப்புறம் முழுசா. ஏழெட்டு இழுத்தா பொரியலுக்கு, இன்னும் நாலைஞ்சு இழுத்தா ஆம்லெட்டுக்கு. அதுக்கு மேல இழுத்தா தண்ணி விட்டுடும், அங்கேயே நிறுத்திடுங்க."

இந்த எண்ணிக்கை எல்லா மாடலுக்கும் பொருந்தாது. கிண்ணத்தின் அளவையும் பிளேடின் எண்ணிக்கையையும் பொறுத்து மாறும். உங்கள் மாடலில் காலையிலேயே இழுத்துப் பார்த்து, வருகிற எண்ணைச் சொல்லுங்கள்.

"முதல் இழுப்பு இறுக்கமா இருக்கும்" என்ற வரியை எக்காரணம் கொண்டும் விடாதீர்கள். பெரிய துண்டு பிளேடுக்கும் கிண்ணச் சுவருக்கும் நடுவில் மாட்டினால் கயிறு வராது. வாங்கிப் போனவர் வெடுக்கென்று இழுப்பார், கயிறு அறுந்துவிடும், இரண்டு நாளில் திருப்பிக் கொடுக்க வந்து நிற்பார். மாட்டினால் கிண்ணத்தை லேசாகக் குலுக்கிவிட்டு இழுத்தால் சரியாகிவிடும் என்பதையும் செய்தே காட்டுங்கள். டெமோவில் தானாகவே மாட்டிக்கொண்டால் நல்லதாகப் போயிற்று, பதற வேண்டாம்.

அடுத்தது, கயிறை அவர் கையில் கொடுப்பது. ஆனால் வருகிறவர் ஒரு கையில் பை, இன்னொரு கையில் போனோடு இருப்பார். அதனால் மேஜையில் ஓரிடத்தைக் காலியாக வைத்துக்கொண்டு, "பையை இங்க வைங்கக்கா, நீங்களே இழுத்துப் பாருங்க" என்று சொல்லுங்கள். அவர் இழுக்கும்போது வாயை மூடிக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் சொதப்புவது இந்த இடத்தில்தான். அந்தச் சத்தமும் கைக்கு வரும் அந்த வேகமும் விற்கிற வேலையைப் பார்த்துக்கொள்ளும். மூடியைத் திறந்து, கரண்டியால் கொஞ்சம் எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்பிக் காட்டுங்கள். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தால் அளவு தெரியாது.

விலையைக் கடைசியில் சொல்லுங்கள் என்று பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். கேட்காதவரை சரி. கேட்டதும் சுற்றி வளைக்காமல் உடனே சொல்லிவிடுங்கள். மழுப்பினால் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைத்து நகர்ந்துவிடுவார்கள். சொன்ன கையோடு பெட்டி ஒன்றை எடுத்து நீட்டுங்கள்.

"வீட்ல மிக்ஸி இருக்கேம்மா" என்பது தினமும் வரும். மிக்ஸியைக் குறை சொல்லாதீர்கள். "சட்னிக்கு மிக்ஸிதாம்மா. இது ரெண்டு வெங்காயம், நாலு பீன்ஸ் நறுக்கணும்னா. கரண்ட் இல்லைன்னாலும் ஓடும்" என்றால் போதும். தேங்காய் போடலாமா என்று கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கெட்டியான சில்லைப் போட்டால் கயிறு மாட்டும், பிளேடும் மழுங்கும். இறைச்சி கேட்பவரிடம், எலும்பில்லாத சின்னத் துண்டு, அதுவும் கொஞ்சமாக என்று சொல்லுங்கள். இப்படி ஒன்றிரண்டுக்கு 'வேண்டாம்' சொன்ன பிறகுதான் மற்றதை நம்புகிறார்கள் என்பது என் கணிப்பு.

குழந்தையோடு வருபவர் நின்றால், பிளேடைக் கழற்றிக் காட்டும் பகுதியைத் தள்ளிப்போடுங்கள். காட்டும்போதும் நடுவில் உள்ள பிளாஸ்டிக் தண்டைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். ஈரக் கையோடு பிளேடைத் தொட்டால் வழுக்கிக் கிழித்துவிடும்.

அவர் பெட்டியை டிராலியில் போட்ட பிறகு கடைசியாக ஒரு வரி: "கிண்ணத்தையும் பிளேடையும் கழுவுங்கக்கா, மூடியை மட்டும் தண்ணிக்குள்ள முக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சா போதும்." கயிறும் சுருளும் மூடிக்குள்தான் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே போனால் சுருள் துருப்பிடித்து, இழுத்த கயிறு திரும்பிப் போகாது.