கூட்டல் சரி, பில் தப்பு: போட்டோ பில் மொழிபெயர்ப்பு கேள்வி-பதில்

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து பில்லும் பத்திரமும் மொழிபெயர்த்துக் கொடுக்கிறவன் நான். இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: போட்டோவில் வந்த பில், அதில் ஒரு அட்டவணை, மொழிபெயர்த்து முடித்துப் பார்த்தால் எண்கள் இடம் மாறி நிற்கின்றன. பதிலுக்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. பில் விஷயத்தில் ‘வரி’ என்று எழுதினால் அது ஜிஎஸ்டியா, எழுத்து வரியா என்று குழம்பும். அதனால் குறுக்கே போவதை வரிசை என்றும், மேலிருந்து கீழே இறங்குவதைப் பத்தி என்றும், இரண்டும் சந்திக்கிற இடத்தைக் கட்டம் என்றும் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: அண்ணாச்சி, தோட்டத்துக்கு வாங்கின பைப் பில்லை அப்பாவுக்குத் தமிழில் போட்டுக் கொடுத்தேன். போன் செயலியில் எழுத்தை எடுத்து, பொருள் பெயர்களைத் தனியாகவும் எண்களைத் தனியாகவும் ஒட்டினேன். கூட்டிப் பார்த்தால் மொத்தம் பைசா சுத்தமாக வருகிறது. ஆனால் அப்பா, “எல்போ ஒண்ணு 210 ரூவாயாலே?” என்று கேட்கிறார். எங்கே தப்பு?

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். அப்பா கேட்டது நியாயமான கேள்வி. பில்லில் நாலு பொருள்: பிவிசி பைப் 12, ரேட் 540, தொகை 6,480. கேட் வால்வு 2, ரேட் 385, பத்து சதவீதம் தள்ளுபடி போக 693. எல்போ 10, ரேட் 45, தொகை 450. சால்வென்ட் சிமென்ட் 2 டப்பா, ரேட் 210, தொகை 420. கூட்டினால் 8,043. அதற்கு சிஜிஎஸ்டி 9 சதவீதம் 723.87, எஸ்ஜிஎஸ்டியும் அதே 723.87, மொத்தம் 9,490.74, ரவுண்ட் ஆஃப் 26 பைசா சேர்த்து 9,491.

முதல் பொருளின் பெயரைக் கவனியுங்கள். ‘பிவிசி பைப் 63 மிமீ’ என்று ஒரு வரியும், இடம் போதாமல் அதற்குக் கீழே ‘(6 மீட்டர் நீளம்)’ என்று இன்னொரு வரியும் அச்சாகியிருக்கிறது. ஒரே கட்டம்தான், எழுத்து மட்டும் மடங்கியிருக்கிறது. செயலிக்கு இது தெரியாது, இரண்டு வரியைப் பார்த்து இரண்டு பொருள் என்று எடுத்துவிட்டது. ஆக உங்களிடம் பெயர் ஐந்து, எண் வரிசை நாலு. மேலிருந்து ஒட்டிக்கொண்டே வந்ததில், கேட் வால்வின் எண்கள் ‘6 மீட்டர் நீளம்’ என்கிற இல்லாத பொருளுக்குப் போயின, எல்போவின் எண்கள் வால்வுக்குப் போயின, சால்வென்ட் சிமென்டின் 210 எல்போ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. சால்வென்ட் சிமென்ட் உங்கள் தமிழ் பில்லில் ஓசி!

கூட்டல் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை என்றால், எண்கள் எல்லாம் ஒரு கூட்டமாகச் சேர்ந்தே நகர்ந்திருக்கின்றன. 2 × 210 = 420 என்பது எந்தப் பெயருக்குப் பக்கத்தில் நின்றாலும் சரிதான், மொத்தமும் மாறாது. அளவு, ரேட், தொகை ஆகிய மூன்றும் தங்கள் பத்தியில் நிற்கின்றனவா என்பதைத்தான் கணக்கு சொல்லும். இந்த எண்கள் இந்தப் பொருளுக்கு உரியவைதானா என்று கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. அதற்கு வேறு சாட்சி வேண்டும்.

அந்த சாட்சி பில்லிலேயே இருக்கிறது, பொருள் எந்த வகை என்று காட்டுகிற எச்எஸ்என் எண். பைப்புக்கும் எல்போவுக்கும் 3917, வால்வுக்கு 8481, ஒட்டுப் பசை வகைக்கு 3506. உங்கள் பிரதியில் கேட் வால்வுக்கு நேரே 3917 இருக்கிறது, எல்போவுக்கு நேரே 3506 இருக்கிறது. அதைப் பார்த்த உடனே நிறுத்தியிருக்கலாம்.

இனிமேல் இப்படிச் செய்யுங்கள். ஒரு வார்த்தைகூட மொழிபெயர்ப்பதற்கு முன், போட்டோவில் வரிசை எண் எதுவரை போகிறது என்று பாருங்கள். 4 வரை என்றால் நாலு வரிசைதான், ஐந்தாவது எங்கிருந்து வந்தாலும் அது மடங்கின எழுத்து. தலைப்பில் எத்தனை பத்தி என்று எண்ணுங்கள், இதில் வரிசை எண், பெயர், எச்எஸ்என், அளவு, ரேட், தள்ளுபடி, தொகை என்று ஏழு. 28 கட்டம் கொண்ட காலி அட்டவணையை முதலில் போட்டுவிட்டு, வரிசை எண், எச்எஸ்என், எண்கள் எல்லாவற்றையும் நிரப்புங்கள். போட்டோவை பிரிண்ட் எடுத்து ஸ்கேல் வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. அப்புறம் பெயரை ஆங்கிலத்திலேயே அந்தந்தக் கட்டத்தில் எழுதி, அந்தக் கட்டத்துக்குள்ளேயே தமிழாக்குங்கள். மடங்கின இரண்டு வரியையும் சேர்த்து ஒரே மூச்சில் மொழிபெயர்த்தால் ‘பிவிசி பைப் 63 மிமீ (6 மீட்டர் நீளம்)’ என்று ஒழுங்காக வரும்.

வள்ளியூரிலிருந்து: தள்ளுபடி பத்தியில் சில கட்டம் காலியாக இருந்தால், அடுத்த பத்தியில் உள்ள தொகை இடப்பக்கம் நகர்ந்து அதில் வந்துவிடுகிறது. என்ன செய்ய?

மேலே சொன்ன பில்லிலேயே அந்த வியாதியும் உண்டு. தள்ளுபடி வால்வுக்கு மட்டும்தான், மற்ற மூன்று கட்டமும் காலி. எடுத்த எழுத்தில் எல்போ வரிசை ‘10 45 450’ என்று இருக்கும், நடுவில் ஒரு காலிக் கட்டம் இருந்த சுவடே இருக்காது. இடைவெளி வைத்துப் பிரித்தால் 450 போய்த் தள்ளுபடி பத்தியில் விழும். இந்தத் தப்பைக் கணக்கு பிடித்துவிடும், ஏனென்றால் ஒரு வரிசைக்குள்ளேயே பத்தி மாறுகிறது. எக்ஸெலில் அளவு D, ரேட் E, தள்ளுபடி சதவீதம் F, தொகை G என்று இருந்தால் பக்கத்துப் பத்தியில் இதைப் போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள்:

```
=ROUND(D2*E2*(1-F2/100)-G2,2)
```

எல்லாம் சரியாக இருந்தால் 0 வரும். காலிக் கட்டத்தை எக்ஸெல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும், அதனால் காலியை அப்படியே விடுங்கள். அங்கே அழகுக்கு ஒரு கோடு போட்டால் `#VALUE!` என்று கத்தும். எடுத்த எழுத்தை நோட்பேடில் வைத்துத் திருத்தும்போது மட்டும், காலி இருந்த இடத்தில் ஏதாவது ஒரு குறி போட்டு வையுங்கள், எக்ஸெலுக்குப் போனதும் எடுத்துவிடுங்கள். கடைசிப் பிரதியிலும் காலி காலியாகவே இருக்கட்டும். மூலத்தில் இல்லாத பூஜ்யத்தை நாம் எழுதக்கூடாது.

இன்னொன்று, ஒட்டுவதற்கு முன் எச்எஸ்என் பத்தியை `Text` என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் முந்திரிக்கு உரிய 0801 வெறும் 801 ஆகிவிடும்.

தூத்துக்குடியிலிருந்து: முந்திரி இறக்குமதி பில், பிரெஞ்சில். ‘24 500,00’ என்று இருப்பது இரண்டு பத்தியாக உடைகிறது.

பிரெஞ்சுக்காரர் வழக்கத்தில் ஆயிரத்துக்கு இடைவெளி, தசமத்துக்கு காற்புள்ளி. அதாவது இருபத்து நாலாயிரத்து ஐந்நூறு. இடைவெளியைப் பத்திப் பிரிவு என்று எடுத்துக்கொள்வதால் 24 ஒரு கட்டம், 500,00 இன்னொரு கட்டம் என்று ஆகிவிடுகிறது, அந்த வரிசையில் மட்டும் ஒரு கட்டம் கூடுதலாக இருக்கும். முதலில் எண்களுக்குள் இருக்கும் இடைவெளியை எடுங்கள், பிறகு காற்புள்ளியைப் புள்ளியாக்குங்கள். தமிழ்ப் பிரதியில் 24,500.00 என்று ஒரே மாதிரி எல்லா வரிசையிலும் எழுதுங்கள். தலைப்பில் எச்.டி. என்றால் வரி சேராத தொகை, டி.டி.சி. என்றால் வரி சேர்ந்த தொகை. இந்த இரண்டு பத்தியும் பக்கத்தில் பக்கத்தில் வரும், இடம் மாற்றிவிடாதீர்கள்.

செங்கோட்டையிலிருந்து: கேரளத்து வியாபாரி கையால் எழுதின மலையாள பில். பெயருக்குக் கீழே இரட்டைக் கொம்பு மாதிரி குறி போட்டிருக்கிறார், மூன்று பொருளை ஒரு வளைவு போட்டு இணைத்து ஒரே தொகை எழுதியிருக்கிறார். ஒரு இடத்தில் முத்திரை விழுந்து எண் தெரியவில்லை.

அந்தக் கொம்பு ‘மேலே உள்ளதே’ என்பது. நம்ம பழைய கணக்கில் ௸ என்று போடுவார்களே, மேற்படி, அதேதான். மூலத்தில் அது சரி, ஆனால் உங்கள் அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போய், அந்தக் குறி பக்கத்தின் தலையில் வந்து நின்றால் எதற்கு மேற்படி? ஆகவே ‘[மேற்படி: வாழைத்தார்]’ என்று அடைப்புக்குள் விரித்து எழுதுங்கள், அடைப்பு இருப்பதால் இது நீங்கள் விரித்தது என்று படிக்கிறவருக்குத் தெரியும்.

வளைவுக்குள் இருக்கிற தொகையை மூன்றாகப் பங்கு போடாதீர்கள். அந்த மூன்று வரிசைக்கும் தொகைக் கட்டத்தை மட்டும் ஒன்றாக இணைத்து, நடுவில் ஒரே எண்ணாக எழுதுங்கள். முதல் வரிசையில் எழுதிவிட்டு மற்ற இரண்டையும் காலியாக விட்டால், அந்தத் தொகை முதல் பொருளுக்கு மட்டும் என்று ஆகிவிடும்.

முத்திரை விழுந்த கட்டத்தில் ‘[முத்திரையால் மறைந்துள்ளது]’ என்றுதான் எழுத வேண்டும். மொத்தத்திலிருந்து கழித்தால் அந்த எண் கிடைக்கும் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் கட்டத்தில் கண்ணுக்குத் தெரிவது மட்டும். கழித்து வந்த எண்ணை அட்டவணைக்குக் கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பாகப் போடலாம். ஒரு தடவை இப்படி நானே கட்டத்தில் நிரப்பிக் கொடுத்து, பிறகு அசல் பில்லில் கடைக்காரரின் கூட்டலே தப்பு என்று தெரிந்து, நான் எழுதின எண் எங்கிருந்து வந்தது என்று விளக்கம் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது.

சங்கரன்கோவிலிலிருந்து: ஜவுளி பில், அகலம் அதிகம். ஒரே போட்டோவில் எழுத்து தெரியவில்லை, இடம் வலம் என்று இரண்டாக எடுத்தால் எந்த வரிசை எதனோடு சேரும் என்று தெரியவில்லை.

இரண்டாக எடுங்கள், தப்பில்லை, ஆனால் ஒரு பத்தி இரண்டு போட்டோவிலும் வர வேண்டும். இடது பாதியில் அளவுப் பத்தி கடைசியாக வந்தால், வலது பாதி அளவுப் பத்தியிலிருந்தே தொடங்கட்டும். அளவு ஒரே மாதிரி இருக்கிற வரிசைகள் பல இருந்தால் அது போதாது, அப்போது ரேட்டையும் சேர்த்து இரண்டு பத்தி பொதுவாக வரும்படி எடுங்கள். தாளை மடிப்பு நீவி, மேலே ஒரு கண்ணாடி வைத்து, போனை நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். சாய்த்து எடுத்தால் கோடுகள் வலப்பக்கம் போகப்போக ஏறும், பெயருக்கு நேரே பார்த்தால் கீழ் வரிசையின் தொகை நிற்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 3க்கும் 8க்கும் வித்தியாசம் தெரியாது.

களக்காட்டிலிருந்து: எல்லாம் சரியாகப் போட்டும், தமிழ் எழுத்து நீளமாகி வேர்டில் அட்டவணை கோணல்மாணலாகிறது.

ஸ்பேஸ் தட்டி வரிசைப்படுத்தியிருந்தால் முதலில் அதை விடுங்கள், எழுத்துரு மாறினால் எல்லாம் நகரும். உண்மையான அட்டவணை போட்டு, `Layout` போய் `AutoFit`, அதில் `Fixed Column Width`. எண் பத்திகளை வலப்பக்கம் ஒட்டி வையுங்கள். தாளைப் படுக்கை வாக்கில் திருப்புங்கள், பெயர்ப் பத்திக்கு அகலம் கொடுத்து அதை மட்டும் மடங்க விடுங்கள், எண் எதுவும் மடங்கக்கூடாது. `Table Properties`, `Row` பக்கத்தில் `Allow row to break across pages` என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிட்டால், ஒரு பொருளின் பாதிப் பெயர் ஒரு பக்கத்திலும் மீதி அடுத்த பக்கத்திலும் நிற்காது.