சூப்பர்விஷனுக்கு வராத கேஸ்

வணக்கம் அக்கா. டர்பனில் ரெஜிஸ்டர்டு கவுன்சலர் ஆவதற்கான பயிற்சியில் இருக்கிறேன். சாட்ஸ்வர்த்தில் ஒரு சமூக மையத்தில் ஆட்களைப் பார்க்கிறேன். நான் பார்க்கும் கேஸ்களை என்னோடு உட்கார்ந்து பேசும் சூப்பர்வைசர் வாராவாரம், "அந்த அறையில் உங்களுக்கு என்ன நடந்தது?" என்று கேட்கிறார். க்ளையன்ட் தன் பழைய உறவுகளின் உணர்வை நம் மேல் ஏற்றுவது ட்ரான்ஸ்ஃபரன்ஸ், க்ளையன்டைப் பார்த்து நமக்குள் எழுவது கவுன்டர்ட்ரான்ஸ்ஃபரன்ஸ், இரண்டையும் பரீட்சைக்குப் படித்திருக்கிறேன், விளக்கம் கேட்டால் சொல்லிவிடுவேன். ஆனால் செஷனில் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு அப்படி எதுவும் தோன்றுவதில்லை. தோன்றாததை சூப்பர்விஷனுக்கு எப்படிக் கொண்டுபோவது? இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் தம்பி, மகனே என்றுதான் கூப்பிடுகிறார்கள், சாப்பாடுகூடக் கொண்டுவருகிறார்கள். அதையும் ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்று எழுத வேண்டுமா?

— ஒரு பயிற்சியாளர், டர்பன்

அன்புள்ள தம்பி,

உணர்ச்சியைத் தேடுவதை முதலில் விடுங்கள். கவுன்டர்ட்ரான்ஸ்ஃபரன்ஸ் பெரும்பாலும் உணர்ச்சியாக வந்து கதவைத் தட்டாது. நீங்கள் வழக்கமாகச் செய்வதிலிருந்து எங்கே விலகினீர்கள் என்பதில்தான் அது முதலில் தெரியும். 50 நிமிடம் 65 ஆனது, ஒருவருடைய குறிப்பு மட்டும் இரண்டு வரியில் முடிந்தது, ஒருவர் வரவில்லை என்றதும் நிம்மதியாக இருந்தது, இப்படிச் சின்னச் சின்னதாக. அந்த நேரத்தில் ஒவ்வொன்றுக்கும் நல்ல காரணம் இருக்கும். அதனால்தான் "ஒன்றும் தோன்றவில்லை" என்று சொல்கிறோம்.

ஒரு கேஸ் சொல்கிறேன். பல பேரிடம் கண்டதை ஒன்றாகச் சேர்த்து நான் கட்டியது இது, எந்த ஒருவருடைய கதையும் இல்லை.

டர்பனின் ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் ஓர் அம்மா, வயது அறுபதைத் தாண்டிவிட்டது, கணவர் இறந்துவிட்டார். கடைசி மகன் சுகர்ஸ் பிடிப்பவன். இந்த ஊருக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: தரம் குறைந்த ஹெராயினில் வேறு பலதையும் கலந்து விற்கும் போதைப்பொருள் அது. 2000-களின் நடுவில் சாட்ஸ்வர்த்தில் பரவத் தொடங்கி எத்தனையோ வீடுகளைக் காலி செய்திருக்கிறது. அந்த வீட்டிலும் டிவி போய்விட்டது, கேஸ் சிலிண்டர் போய்விட்டது, அம்மாவின் முதியோர் உதவித்தொகையும் மாதாமாதம் போகிறது. அவருக்குக் கவுன்சலராக அமைந்தவர் இருபத்தைந்து வயதுப் பயிற்சியாளர். வீட்டுக்கு மூத்த மகன். அப்பா குடித்த காலத்தில் அம்மாவையும் தம்பி தங்கைகளையும் தாங்கியவர்.

முதல் செஷனிலேயே அம்மா, "எனக்கு இந்த மாதிரி ஒரு பிள்ளை இருந்திருந்தால்" என்றார். மூன்றாவது செஷனுக்கு ஐஸ்கிரீம் டப்பாவில் பீன்ஸ் கறி வந்தது. நான்காவதிலிருந்து நேரம் நீண்டது. ஐந்தாவது வாரம் பயிற்சியாளர் தானாகவே இரண்டு மறுவாழ்வு இல்லங்களுக்கு போன் செய்து, மகனுக்கு இடம் இருக்கிறதா என்று விசாரித்தார். அம்மா அதைக் கேட்கவே இல்லை. ஆறாவது வாரம், மகனுக்கு மறுபடியும் காசு கொடுத்துவிட்டேன் என்று அம்மா சொன்னதும், பயிற்சியாளர் வாயிலிருந்து வந்தது: "எத்தனை தடவை சொல்வது உங்களுக்கு?" ஏழாவது வாரம் அம்மா வரவில்லை.

இத்தனையும் நடந்துகொண்டிருந்தபோது அந்த அம்மாவின் பெயர் சூப்பர்விஷனில் வரவே இல்லை. "அது நன்றாகப் போகிறது" என்று மணி முடியும் நேரத்தில் ஒரு வரி, அவ்வளவுதான். எனக்கு இதுதான் பெரிய அடையாளம். பயிற்சியாளர்கள் கஷ்டமான கேஸைக் கொண்டுவந்துவிடுவார்கள். கொண்டுவராமல் விடுவது, தங்களுக்கு ரொம்பப் பிடித்த கேஸை.

இப்போது பிரித்துப் பார்ப்போம். அம்மாவின் பக்கம் இருப்பது ட்ரான்ஸ்ஃபரன்ஸ்: எல்லாவற்றையும் சரி செய்துவிடும் மகன் என்ற இடத்தை எதிரே இருப்பவருக்குக் கொடுக்கிறார். அது பொய்யான பாசம் இல்லை. பழைய உறவு ஒன்றின் எதிர்பார்ப்பும் பயமும் புதிய ஆள் மேல் வந்து அமர்கிறது. பயிற்சியாளர் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார், ஏனென்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்குப் பழக்கமான நாற்காலி அது. இது அவருடைய சொந்தச் சரக்கு.

ஆனால் அந்தக் கோபம்? அது முழுக்க அவருடையதா? ஃப்ராய்ட் 1910-இல் கவுன்டர்ட்ரான்ஸ்ஃபரன்ஸைப் பற்றிப் பேசியபோது, மருத்துவர் தன்னிடம் கண்டுகொண்டு கடக்க வேண்டிய ஒன்றாகத்தான் அதைச் சொன்னார். 1950-இல் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் பவுலா ஹைமன் அதைத் திருப்பிப் போட்டார்: நமக்குள் எழுவது, எதிரே இருப்பவரைப் புரிந்துகொள்ள உதவும் கருவியாகவும் இருக்கலாம் என்றார். அர்ஜென்டினாவில் இன்னொரு உளப்பகுப்பாய்வாளர் ஹைன்ரிக் ராக்கர் இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார். சில சமயம் க்ளையன்ட் உணர்வதையே நாமும் உணர்கிறோம். சில சமயம் க்ளையன்டின் வாழ்க்கையில் இருந்த இன்னொருவர் உணர்ந்ததை நாம் உணர்கிறோம். நம் பயிற்சியாளர் மறுவாழ்வு இல்லங்களுக்கு அலைந்து போன் செய்தபோது அந்த அம்மாவின் கையாலாகாத தவிப்பில் இருந்தார். "எத்தனை தடவை சொல்வது" என்றபோது வேறொருவராக ஆகிவிட்டார். யாராக என்பது அப்போது அவருக்குத் தெரியாது.

எது என்னுடையது, எது அவரிடமிருந்து வருவது என்று பிரிக்க இரண்டு கேள்விகள் உதவும். வயதான அம்மாக்கள் யார் வந்தாலும் எனக்கு இப்படித்தான் ஆகிறதா, இல்லை இவரிடம் மட்டுமா? எல்லோரிடமும் என்றால் பெரும்பங்கு என்னுடையது. இரண்டாவது, இதே நாற்காலியில் வேறொரு கவுன்சலர் இருந்தால் அவருக்கும் இது எழுமா? இதற்குத் தனியாகப் பதில் கிடைக்காது. சூப்பர்விஷன் தேவைப்படுவது இங்கேதான். பெரும்பாலும் பதில் இரண்டும் கலந்ததாகவே இருக்கும். ஹைமன் சொன்னதைப் பாதி படித்துவிட்டு, "எனக்குக் கோபம் வருகிறது, அப்படியென்றால் அவருக்குள் கோபம் இருக்கிறது" என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. உங்களுக்கு எழுவது ஓர் ஊகம்தான், அதைக் க்ளையன்ட் சொல்வதோடும் செய்வதோடும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதற்கு மதிப்பு.

சரி, எப்படிக் கொண்டுபோவது? செஷன் நடந்த அன்று மாலையே, முழுவதையும் அல்ல, ஒரு பத்து நிமிடப் பகுதியை மட்டும் எழுதுங்கள். பக்கத்தின் நடுவே ஒரு கோடு. இடப்பக்கம் அவர் சொன்னது, நீங்கள் சொன்னது, நினைவில் உள்ளபடி பேச்சு வார்த்தையிலேயே. "க்ளையன்ட் வருத்தம் தெரிவித்தார்" என்று அறிக்கை நடையில் எழுதினால் எல்லாம் செத்துவிடும். வலப்பக்கம் அந்தந்த வரிக்கு நேராக உங்கள் உடம்பில் என்ன, சொல்ல நினைத்து விழுங்கியது என்ன, மனம் எங்கே போனது. காலியாக இருந்தால் காலியாகவே விடுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம். எந்தப் பத்து நிமிடம் என்றால், வழக்கத்திலிருந்து நீங்கள் விலகிய இடம். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: இந்த கேஸில் சூப்பர்வைசர் எந்தக் கேள்வியைக் கேட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்? உண்மையாக எழுதினால் அங்கிருந்தே தொடங்கலாம். க்ளையன்டின் பெயரும் அடையாளமும் அந்தத் தாளில் வேண்டாம்.

அந்தப் பயிற்சியாளர் எழுதிய தாளில் கோபப்பட்ட வரிக்கு நேரே வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. அதற்கு முந்தைய வரிக்கு நேரே மட்டும், "போன் செய்ததெல்லாம் வீண்" என்று இருந்தது. சூப்பர்வைசர் அதைப் படித்ததும் செய்தது என்ன தெரியுமா? தன் போனை எடுத்து வேறு மறுவாழ்வு இல்லங்களின் எண்களைத் தேடத் தொடங்கிவிட்டார். பாதியில் நிறுத்தி, "நான் ஏன் இப்போது உங்களுக்காக ஓடுகிறேன்?" என்று கேட்டார். செஷன் அறையில் நடப்பது சூப்பர்விஷன் அறையில் மறுபடி நடக்கும் என்பதை அமெரிக்க உளப்பகுப்பாய்வாளர் ஹெரால்ட் சியர்ல்ஸ் 1955-இலேயே எழுதியிருக்கிறார். அம்மா தவித்தால் பயிற்சியாளர் ஓடுகிறார், பயிற்சியாளர் தவித்தால் சூப்பர்வைசர் ஓடுகிறார். மகன் விஷயத்தில் அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. உங்கள் சூப்பர்விஷனிலும் திடீரென்று சூப்பர்வைசர் வழக்கத்துக்கு மாறாக அறிவுரையாகப் பொழிந்தாலோ, அவசரப்பட்டாலோ, "இது செஷனில் நடப்பது மாதிரி இருக்கிறது" என்று நீங்களே சொல்லலாம். நல்ல சூப்பர்வைசர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அடுத்து அந்த அம்மாவிடம் என்ன செய்வது? "நீங்கள் என்னை மகனாகப் பார்க்கிறீர்கள்" என்று சொல்லிவிடாதீர்கள். நாம் செய்வது குறுகிய காலக் கவுன்சலிங். அப்படி ஒரு விளக்கத்தைத் தாங்கும் அளவுக்கு உறவும் நேரமும் அதில் கிடையாது, அவமானம்தான் மிஞ்சும். புரிந்துகொண்டதை நடத்தையில் காட்டினால் போதும். பயிற்சியாளர் மையத்தின் வழக்கப்படி அவரைக் கூப்பிட்டு மறுபடி நேரம் கொடுத்தார். வந்ததும், "போன தடவை கொஞ்சம் கடுமையாகப் பேசிவிட்டேன். உங்களுக்கு எப்படி இருந்தது?" என்று கேட்டார். அம்மா சிரித்துவிட்டு, "வீட்டுக்காரர் இருந்தபோது கேட்டதுதானே" என்றார். ஆறாவது வாரம் பயிற்சியாளர் யாராக ஆகியிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. மகனுக்குக் காசு கொடுப்பதைக் கணவரிடம் மறைத்து, மாட்டிக்கொண்டு, திட்டு வாங்கி, மறுபடி கொடுத்து, அப்படியே எத்தனையோ வருடம் போயிருக்கிறது. அதன் பிறகுதான் மகனிடம் "இல்லை" என்று சொன்னால் என்ன ஆகும் என்று அவர் பயப்படுவதைப் பற்றிப் பேச்சு திரும்பியது. செஷன் 50 நிமிடத்தில் முடிந்தது.

தம்பி, மகனே, கறி, இதெல்லாம் நம் வீடுகளின் சாதாரண மரியாதை. முறை சொல்லிக் கூப்பிடுவதையும் கை நிறையக் கொடுப்பதையும் நோயின் அறிகுறி மாதிரி குறித்துக்கொண்டால் அந்த மனிதரை இழந்துவிடுவீர்கள். கவனிக்க வேண்டியது மாற்றத்தை. எப்போது கொண்டுவரத் தொடங்கினார், அதற்கு முந்தைய வாரம் என்ன பேசினீர்கள், டப்பாவை வாங்கிய பிறகு அவரிடம் எதைக் கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை? எதுவும் மாறவில்லை என்றால் அது வெறும் பீன்ஸ் கறி. மையத்தின் விதி அனுமதித்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு, சூப்பர்விஷனில் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

காதல், காமம் சார்ந்த ஈர்ப்பு யார் பக்கம் எழுந்தாலும் காத்திருக்காதீர்கள், அந்த வாரமே சொல்லுங்கள். அது எழுவது அதிசயம் இல்லை, 1915-லேயே ஃப்ராய்ட் அதற்காகத் தனிக் கட்டுரை எழுதியிருக்கிறார். மறைப்பதுதான் ஆபத்து.

கடைசியாக ஒரு நடைமுறைச் சிக்கல். உங்கள் சூப்பர்வைசர்தான் உங்கள் பயிற்சி நேரத்துக்குக் கையெழுத்துப் போடுகிறவர், மதிப்பிடுகிறவரும் அவரே. அவரிடம் எல்லாவற்றையும் திறந்து சொல்வது எளிதல்ல, எளிது என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதனால் நேரடியாகவே கேட்டுவிடுங்கள்: நான் இங்கே சொல்வதில் எது மதிப்பீட்டு அறிக்கைக்குப் போகும்? அப்புறம், எல்லை எங்கே என்பதும் தெரிந்திருக்கட்டும். "என் அம்மாவின் நினைவு வந்தது, அதனால் நேரத்தை நீட்டிவிட்டேன்" என்பது வரை சூப்பர்விஷன். உங்கள் அம்மாவோடு உங்களுக்கு என்ன நடந்தது என்ற கதைக்குள் சூப்பர்வைசர் இறங்க ஆரம்பித்தால், அதை என் தெரபிஸ்டிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தெரபிஸ்ட் இல்லை என்றால் இந்த வருடமே ஒருவரைத் தேடிக்கொள்ளுங்கள். மூத்த பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு நிறையப் பேர் வருகிறோம்.

அன்புடன்,
அக்கா