தலைக்குக் குளிக்கும் முன்பே கரு தங்குமா?

"எனக்குச் சிசேரியனில் பெண் குழந்தை பிறந்து 7 மாதம் ஆகிறது. இன்னும் தீட்டு வரவில்லை. பகலில் நான் வேலைக்குப் போவதால் பவுடர் பாலும் ராகிக் கூழும் கொடுக்கிறார்கள். காலை, மாலை, இரவு தாய்ப்பால்தான். 'பால் கொடுக்கும்வரை கரு தங்காது' என்கிறார் மாமியார். பத்து நாள் முன்பு பாதுகாப்பு இல்லாமல் உறவு கொண்டோம். நேற்று கார்டு டெஸ்ட் நெகட்டிவ். நிம்மதியாக இருக்கலாமா?"

உங்கள் மாமியார் சொல்வது முழுக்கத் தவறில்லை. ஆனால் அது குழந்தையின் முதல் ஆறு மாதத்துக்குத்தான் பொருந்தும். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

கருவைத் தடுப்பது பால் அல்ல, குழந்தை காம்பைச் சப்பும் செயல்தான். குழந்தை அடிக்கடி சப்பும்போது, கருமுட்டையை வளர்க்கச் சொல்லி மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் ஹார்மோன் சைகைகள் அடங்கிப்போகின்றன. முட்டை வெளிவராததால் தீட்டும் வருவதில்லை. சப்புவதில் நீண்ட இடைவெளி விழுந்தால் அந்தச் சைகைகள் மறுபடி தலைதூக்கும். பம்ப் வைத்துப் பாலை எடுத்தாலும் குழந்தை சப்புவதற்கு ஈடாகாது.

1988-ல் இத்தாலியின் பெல்லாஜியோவில் கூடிய நிபுணர்கள் இதற்கு மூன்று நிபந்தனைகளைச் சொன்னார்கள். குழந்தைக்கு ஆறு மாதம் நிறைந்திருக்கக் கூடாது, தீட்டு வந்திருக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டுமே அல்லது கிட்டத்தட்ட அது மட்டுமே கொடுக்க வேண்டும். நடைமுறையில், பகலில் 4 மணி நேரத்துக்கும் இரவில் 6 மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி விடக் கூடாது என்று சொல்வோம். மூன்றும் சேர்ந்திருந்தால் நூறு பேரில் இரண்டு பேருக்கும் குறைவாகவே கரு தங்கும். ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது.

உங்களுக்கு மிச்சமிருப்பது தீட்டு வராதது ஒன்றுதான். அதை மட்டும் நம்ப முடியாது, ஏனென்றால் தீட்டு முன்னறிவிப்பு தருவதில்லை. முட்டை முதலில் வெளியே வரும். அது கருவாகாவிட்டால்தான் சுமார் இரண்டு வாரம் கழித்து ரத்தப்போக்கு வரும். பிரசவத்துக்குப் பின் முதல் முட்டையே கருவாகிவிட்டால், தலைக்குக் குளிக்காமலேயே அடுத்த கர்ப்பம் தொடங்கிவிடும். 'தீட்டே வரலையே டாக்டர், பால் குடிக்கிறதாலதான்னு நெனச்சேன்' என்று சொல்லிக்கொண்டு நாலாவது மாதத்தில் ஸ்கேனுக்கு வருபவர்கள் இப்படிச் சிக்கியவர்கள்தான். அதிலும் பிரசவமாகி நாள் கூடக்கூட, முதல் தீட்டுக்கு முன்பே முட்டை வெளிவரும் வாய்ப்பும் கூடுகிறது.

சரி, நேற்றைய டெஸ்டுக்கு வருவோம். பத்தாவது நாளில் வந்த நெகட்டிவை வைத்து எதையும் சொல்ல முடியாது. கரு உருவாகி, கர்ப்பப்பையில் ஒட்டி, அதன் ஹார்மோன் சிறுநீரில் தெரிய நாளாகும். மற்றவர்கள் தீட்டு தள்ளிப்போன நாளை வைத்துக் கணக்கிடலாம். உங்களுக்கு அந்தக் கணக்கே இல்லை. அதனால் உறவு கொண்ட நாளிலிருந்து 21 நாள் கழித்து, அதாவது இன்னும் 11 நாள் பொறுத்து, காலையின் முதல் சிறுநீரில் மறுபடி பாருங்கள். தாய்ப்பால் கொடுப்பதால் முடிவு மாறாது. அதுவரை ஆணுறை கட்டாயம், இல்லாவிட்டால் 21 நாள் கணக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

பாசிட்டிவ் என்றால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். கடைசித் தீட்டுத் தேதி இல்லாததால் எத்தனை வாரம் என்பதை ஸ்கேன்தான் சொல்லும். சிசேரியன் ஆனவர் என்பதால், கரு பழைய தையல் தழும்பில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கர்ப்பத்தைத் தொடர விரும்பினாலும் மருத்துவரிடம் பேசுங்கள். இரண்டு பிரசவங்களுக்கு இடையே 18 மாதத்துக்கும் குறைவாக இருந்தால், பிரசவ வலியின்போது தையல் விட்டுப்போகும் அபாயம் கூடும்.

நெகட்டிவ் என்றால் காப்பர்-டி போட்டுக்கொள்வதைத்தான் நான் முதலில் சொல்வேன். அதில் ஹார்மோன் கிடையாது, பால் குறையாது, தினமும் நினைவு வைத்துக்கொள்ளவும் வேண்டாம். வேண்டாமென்றால், அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்கும் 'சாயா' மாத்திரை இருக்கிறது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அப்புறம் வாரத்துக்கு ஒன்று. பாலூட்டுபவர்கள் போடலாம். ஆனால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், அவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை. சாயா போடும்போது தீட்டு தள்ளிப்போவதும் உண்டு, அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

இனி எப்போதாவது ஆணுறை கிழிந்தாலோ மறந்தாலோ, 72 மணி நேரத்துக்குள் லெவோனார்ஜெஸ்ட்ரல் அவசர மாத்திரை போடலாம். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. இந்த முறை அதற்கான நேரம் கடந்துவிட்டது.