பெரிய ஆன்டெனா வாங்கும் முன்

கேள்வி: தென்னந்தோப்பைச் சுற்றிப் பார்க்க நானே ஒரு ட்ரோன் கட்டியிருக்கிறேன். ஆர்டிஎல் 8812ஏயூ வைஃபை அடாப்டர், டபிள்யூஎஃப்பி-என்ஜி மென்பொருள், 5.8 கிகாஹெர்ட்ஸில் நேரலை வீடியோ. 600 மீட்டர் போனதும் ட்ரோன் திரும்பினால் படம் உறைகிறது. தலைக்கு நேர் மேலே நிற்கும்போதுகூட சில சமயம் விட்டுப்போகிறது. இரண்டு பக்கமும் அடாப்டரோடு வந்த குச்சி ஆன்டெனாதான். தரையில் 14 டிபிஐ பேனல் போட்டால் சரியாகுமா?

பதில்: சரியாகாது. தலைக்கு நேர் மேலேயே படம் விட்டுப்போகிறது என்றால் சிக்னல் பலம் குறைவு என்பது காரணமாக இருக்க முடியாது. அவ்வளவு கிட்டத்தில் பலம் ஏராளமாக இருக்கும். ஆன்டெனா எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் உங்கள் சிக்கல்.

குச்சி ஆன்டெனா தன் பக்கவாட்டில்தான் வீசும். அந்த வீச்சின் வடிவத்தை ஒரு மெதுவடை என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி அதன் ஓட்டைக்குள் நிற்கிறது. குச்சியின் முனை காட்டும் திசையில் கிட்டத்தட்ட ஒன்றும் போகாது. ட்ரோன் உச்சியில் நிற்கும்போது உங்கள் குச்சியின் முனை ட்ரோனையும், ட்ரோனின் குச்சி உங்களையும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஆன்டெனா வீச்சை எவ்வளவு குவிக்கிறது என்று சொல்லும் டிபிஐ எண் கூடக் கூட வடை தட்டையாகி ஓட்டைப் பக்கம் இன்னும் மோசமாகும். அடாப்டரோடு வரும் நீளக் குச்சிகள் ட்ரோனுக்கு ஒத்துவராததற்கு இதுவே காரணம்.

600 மீட்டரிலும் இதே கதைதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். திறந்த வெளியில் 5.8 கிகாஹெர்ட்ஸ் 600 மீட்டர் போவதற்குள் சுமார் 103 டெசிபல் இழக்கும். ட்ரோன் 250 மில்லிவாட், அதாவது 24 டிபிஎம் அனுப்புகிறது, இரு பக்கமும் ஆன்டெனா 2 டிபிஐ என்று குறைத்தே வைத்துக்கொண்டால், உங்களுக்கு வந்து சேர்வது -75 டிபிஎம். தகவல் போகும் வேகத்தைத் தீர்மானிக்கும் `mcs_index` 1 என்றால் இந்த வகை அடாப்டர் -88 அளவு வரை படிக்கும். கையில் 13 டெசிபல் மிச்சம். தூரத்தை இரட்டிப்பாக்க 6 டெசிபல் போதும் என்பதால், ஒழுங்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் இரண்டு ஆன்டெனாக்களுக்கு 600 மீட்டர் ஒரு தூரமே இல்லை.

திரும்பும்போது ட்ரோன் சாய்கிறது, அதோடு குச்சியும் சாய்கிறது. தரையில் குச்சி நெட்டுக்குத்தாகவும் ட்ரோனில் படுக்கையாகவும் இருந்தால் அலையின் தளம் பொருந்தாமல் 20 டெசிபல் வரை போய்விடும். 45 டிகிரி சாய்வுக்கு 3 டெசிபல்தான் நஷ்டம். ஆனால் ட்ரோனில் நீங்கள் குச்சியைப் படுக்கையாகவே கட்டியிருந்தால் நேராகப் பறக்கும்போதே பெரும்பகுதி காலி. போதாததற்கு, கார்பன் ஃபைபர் சட்டமும் பேட்டரியும் நடுவில் வந்து நிழல் போடும். 13 டெசிபல் மிச்சம் இதற்கெல்லாம் தாங்காது. டிஜிட்டல் இணைப்பு பழைய அனலாக் போலப் புள்ளி புள்ளியாகக் கெட்டு எச்சரிக்கவும் செய்யாது. கடைசி நொடி வரை சுத்தமான படம், பிறகு உறைந்த படம்.

எதுவும் வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். தரை நிலையத்தில் இதை ஓட்டுங்கள்:

```
wfb-cli gs
```

ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் எவ்வளவு டிபிஎம் வருகிறது, எத்தனை பாக்கெட் பிழைதிருத்தத்தால் மீண்டது, எத்தனை அடியோடு தொலைந்தது என்று அது காட்டும். ட்ரோனை 200 மீட்டரில் நிறுத்தி, இருந்த இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றவிடுங்கள். ஏதோ ஒரு திசையில் எண் 15, 20 சரிந்தால் அது சட்டத்தின் நிழல். ஆன்டெனாவைச் சட்டத்துக்கு வெளியே தள்ளிக் கட்ட வேண்டும். சுற்றும்போது சரியாமல் முன்னோக்கிப் பறக்கும்போது மட்டும் சரிந்தால் அது சாய்வு.

உங்கள் தேவைக்கு நான் சொல்வது வட்டத் துருவ ஆன்டெனா. பந்தய ட்ரோன்களில் காளான் போல, லாலிபாப் போல இருக்குமே, அதுதான். இதில் அலை சுழன்றுகொண்டே போவதால் ட்ரோன் எப்படிச் சாய்ந்தாலும் பொருத்தம் பெரிதாகக் கெடாது. தரையிலும் மரத்திலும் பட்டுத் திரும்பும் அலையின் சுழற்சி பெரும்பாலும் மாறிவிடுவதால், அந்த எதிரொலியையும் கணிசமாக ஒதுக்கிவிடும். இரு பக்கமும் ஒரே சுழற்சியாக, அதாவது இரண்டும் வலச்சுழல் அல்லது இரண்டும் இடச்சுழலாக, வாங்குவது கட்டாயம். மாற்றி வாங்கினால் மறுபடி 20 டெசிபல் நஷ்டம். ஒரு பக்கம் மட்டும் மாற்றிவிட்டு மறுபக்கம் குச்சியை விட்டுவைத்தால் நிரந்தரமாக 3 டெசிபல் போகும். கனெக்டரையும் பாருங்கள்: எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும், ஆனால் நடு ஊசி பொருந்தாது.

அடாப்டரில் இரண்டு துளைகள் இருக்கின்றன. ட்ரோனில் ஒன்றை நிமிர்த்தியும் மற்றதைச் சரித்தும் வையுங்கள். `stbc` 1 ஆக இருக்கிறதா என்று பாருங்கள், அப்போதுதான் அனுப்பும்போது இரண்டுக்கும் வேலை இருக்கும். தரையில் ஒரு துளைக்கு எல்லாத் திசையும் பார்க்கும் காளான், மற்றதற்கு ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் தட்டை ஆன்டெனாவான 8 டிபிஐ வட்டத் துருவ பேட்ச். பேட்ச் சுமார் 70 டிகிரி அகலம் பார்க்கும். தோப்புப் பக்கம் திருப்பி வைத்தால் போதும். பக்கவாட்டுக்கும் கிட்டத்துக்கும் காளான் இருக்கிறது. 14 டிபிஐ பேனலோ சுமார் 30 டிகிரிதான் பார்க்கும். 600 மீட்டரில் அது 320 மீட்டர் அகலம், 100 மீட்டரில் வெறும் 54. ட்ரோன் கிட்டே வந்ததும் நழுவிவிடும், யாராவது பக்கத்தில் நின்று திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்கள் நிற்கும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். ஆன்டெனா 2 மீட்டர் உயரத்தில், ட்ரோன் 600 மீட்டர் தள்ளி 30 மீட்டர் உயரத்தில் என்றால், உங்களிடமிருந்து 100 மீட்டரில் அந்தப் பார்வைக்கோடு தரையிலிருந்து ஏழு மீட்டர்கூட எழும்பியிருக்காது. அங்கே 15 மீட்டர் தென்னை நின்றால் எந்த ஆன்டெனாவும் உதவாது. ஈர ஓலை இந்த அலையை நன்றாகவே உறிஞ்சும். அதே மரம் ட்ரோன் பக்கத்தில், உங்களிடமிருந்து 500 மீட்டரில் இருந்தால் கோடு 25 மீட்டர் உயரத்தில் தாண்டிப் போய்விடும். ஆகவே வரப்பில், மரங்களிலிருந்து முடிந்த அளவு தள்ளி நில்லுங்கள். கோட்டைச் சுற்றி இரண்டு மூன்று மீட்டர் காலியாக இருப்பது நல்லது. ஆன்டெனாவை மடியில் வைக்காமல் ஒரு கம்பத்தில் ஏற்றுங்கள்.

அமைப்புகளில் அதிகம் கைவைக்க வேண்டாம். பிழைதிருத்தத்துக்கான `fec_k` 8, `fec_n` 12 என்றால் ஒவ்வொரு 12 பாக்கெட்டிலும் 4 தொலைந்தாலும் படம் மீளும். இந்த இணைப்பில் தொலைந்ததைத் திரும்பக் கேட்கும் வழக்கமே இல்லை, தாமதம் குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இன்னும் பாதுகாப்பு என்று எண்ணி 32, 48 என்று பெருக்காதீர்கள். 4 மெகாபிட் வீடியோவில் 8 பாக்கெட் சேர 22 மில்லிவினாடி ஆகிறது, 32 சேர 90 ஆகும். பாக்கெட் தொலையும் ஒவ்வொரு முறையும் அவ்வளவு நேரம் வரை படம் காத்திருக்கும். `mcs_index` 1இல் வீடியோவை 4 மெகாபிட்டுக்கு மேல் ஏற்றவும் வேண்டாம்.

எல்லாம் மாற்றிய பிறகும் டிபிஎம் எண் -65 என்று நன்றாக நிற்க, பாக்கெட் மட்டும் தொலைந்தால் அது ஆன்டெனா விஷயம் அல்ல. அக்கம்பக்க வைஃபை அதே சேனலில் இருக்கலாம். சேனலை மாற்றிப் பாருங்கள். த்ராட்டில் ஏற்றும்போது மட்டும் தொலைந்தால், அடாப்டருக்குப் போகும் 5 வோல்ட் அந்த நேரத்தில் இறங்குகிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். இறங்கினால் அடாப்டருக்கென்று தனியாக ஒரு 5 வோல்ட் ரெகுலேட்டர் போடுங்கள்.