பில்லில் 18.13, கணக்கில் 18.14: அந்த ஒரு சதம் எங்கே போகிறது?

திருகோணமலைக் கடைகளுக்குப் பில் மென்பொருள் எழுதித் தருபவரிடம் வந்த கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்.

மத்திய வீதி, ஹாட்வெயார் கடை: அக்கா, கவுண்டர் பில்லின் வற் மொத்தம் கணக்கு மென்பொருளை விட நாளுக்குப் பத்துப் பதினைந்து சதம் குறைவு. பொருளும் விலையும் ஒன்றுதான். பெடியன் யாராவது கை வைக்கிறானா?

பத்துச் சதத்துக்கு யார் அண்ணா கை வைப்பார்கள்! 25 அல்லது 75 சதத்தில் முடியும் விலைகளைப் பாருங்கள். 18 வீத வற் கணக்கில் அரைச் சதத்தில் போய் நிற்பவை அவை மட்டும்தான். 100.75 ரூபாய்க்கு வற் 18.135. கையால் போட்டால் 18.14 என்று எழுதுவோம். உங்கள் கவுண்டர் மென்பொருள் ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது என்றால் இப்படி வரும்:

```
> 100.75 * 0.18
18.134999999999998
> (100.75 * 0.18).toFixed(2)
'18.13'
```

100.75 இரும எண்ணில் அச்சொட்டாக உட்காரும். 0.18 உட்காராது, மிகச் சிறிதளவு குறைவாகவே பதியும். பெருக்கும்போது விடை பாதிக்குக் கீழே நழுவுகிறது, ரவுண்ட் செய்தால் கீழே போகிறது. கணக்கு மென்பொருள் எண்ணைப் பத்தடிமானத்தில் அப்படியே பதியும் DECIMAL வகையில் வைத்திருக்கும், அங்கே 18.14. பில்லின் ஒரு வரிக்கு ஒரு சதம். நாளில் இப்படிப் பதினைந்து வரி விழுந்தால் பதினைந்து சதம்.

இரண்டு மென்பொருளிலும் 100.75, 100.25 என்று இரண்டு பொருளைத் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். 18.14, 18.05 வந்தால் அது நாம் கையால் போடும் முறை. 18.14, 18.04 வந்தால் அரையை இரட்டைப்படை இலக்கத்துக்குத் தள்ளும் வங்கி முறை. 18.13, 18.04 வந்தால் பெரும்பாலும் மேலே சொன்ன இரும எண் பதிவு, அதாவது மிதவைப் புள்ளிதான் குற்றவாளி.

உவர்மலை, புரோகிராமர்: இதற்கு இவ்வளவு பாடு ஏன்? 0.18-ஆல் பெருக்காமல் 18-ஆல் பெருக்கி 100-ஆல் வகுத்தால் சரியாகிவிடுகிறதே. நான் போட்டுப் பார்த்தேன், 18.14 வந்தது.

பாதி சரி, தம்பி. 100.75-க்கும் 100.25-க்கும் அது வேலை செய்யும். இப்போது 5.75 ரூபாய் திருகாணி ஒன்றைப் போடுங்கள். வற் 1.035, வர வேண்டியது 1.04. `(5.75 * 18 / 100).toFixed(2)` தருவது 1.03. ஏனென்றால் 1.035 என்ற எண்ணே இரும எண்ணில் கொஞ்சம் குறைவாகத்தான் பதிகிறது. வகுத்த பிறகு ரவுண்ட் செய்யும் வரை இந்தத் தொல்லை விடாது.

முழுச் சதமாக வைத்துக்கொள்ளுங்கள். 100.75 என்பது 10075. அப்புறம் கணக்கு:

```
Math.floor((10075 * 18 + 50) / 100)   // 1814
```

ரூபாயாக மாற்றுவது திரையிலும் ரசீதிலும் மட்டும்.

மூதூர், மளிகைக் கடை: எங்களிடம் சதக் காசே இல்லை. ரூபாய்க்கு ரவுண்ட் பண்ணித்தான் காசு வாங்குகிறோம். அதுதானே வித்தியாசத்துக்குக் காரணம்?

இல்லை ஐயா, அது வேறு கதை. காசு வாங்கும்போது விடும் சதத்தை பில்லின் கடைசியில் தனி வரியாகக் காட்டுங்கள். வற் தொகையைத் தொடாதீர்கள். தொட்டால் இரண்டு வித்தியாசமும் கலந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் போகும்.

கிண்ணியா: என் அண்ணா திருச்சியில் கடை வைத்திருக்கிறார். அங்கேயும் 18 வீத ஜிஎஸ்டியில் ஒரு பைசா இடிக்கிறது. ஆனால் விலை 100.80, நீங்கள் சொன்ன 25, 75 இல்லையே?

நல்ல கேள்வி. இதில் மிதவைப் புள்ளிக்குப் பங்கே இல்லை. 100.80-க்கு ஜிஎஸ்டி 18.144. பில்லில் அதே விலையில் மூன்று வரி இருந்தால், வரிக்கு வரி ரவுண்ட் செய்யும் மென்பொருள் 18.14-ஐ மூன்று முறை கூட்டி 54.42 சொல்லும். மொத்தம் 302.40-க்கு ஜிஎஸ்டி போடும் மென்பொருள் 54.432-ஐ 54.43 ஆக்கும். இரண்டும் தன்னளவில் பிழையில்லாத கணக்குகள். எண் வகையை எவ்வளவு மாற்றினாலும் இந்தப் பைசா போகாது. எந்த இடத்தில் ரவுண்ட் செய்வது என்று இரண்டு பக்கமும் ஒரே முடிவுக்கு வர வேண்டும். என்னைக் கேட்டால் ரசீதில் ஒவ்வொரு வரிக்கும் ஜிஎஸ்டி அச்சாகிறது என்றால் வரிக்கு வரிதான் நல்லது; வாடிக்கையாளர் கூட்டிப் பார்த்தால் பொருந்தும்.

உவர்மலை, மறுபடியும்: நீங்கள் சொன்ன floor வரியைப் போட்டேன். விற்கும்போது 18.14. அதே பொருளைத் திருப்பி எடுத்தால் -18.13. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

பிடித்துவிட்டீர்கள்! -181350-உடன் 50 கூட்டி 100-ஆல் வகுத்தால் -1813 தான். அந்த வரி நேர் எண்ணுக்கு மட்டும். `Math.round` போட்டாலும் தப்ப முடியாது, -1813.5-ஐ அதுவும் -1813 ஆக்கும். குறியைக் கழற்றி வைத்து, நேர் எண்ணாகக் கணக்குப் போட்டு, கடைசியில் கழித்தல் குறியை ஒட்டுங்கள்.

மத்திய வீதி: 18.13, 18.04 தான் வந்தது அக்கா. சரி, ஏற்கெனவே கொடுத்த பில்களை என்ன செய்வது?

அச்சிட்டுக் கொடுத்த தொகையை நான் மாற்ற மாட்டேன். வித்தியாசத்துக்குக் கணக்கில் தனித் தலைப்பு போதும் என்று சில கணக்காளர்கள் சொல்வார்கள், வேறு சிலர் ஒத்துக்கொள்வதில்லை. உங்கள் கணக்காளரிடம் 100.75 பில் ஒன்றைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள்.